கையேட்டின் ஏழாம் படி

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒன்பது பக்கத்துக்கு ஒரு கையேடு எழுதி வைத்துவிட்டுப் போனார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், "தினசரி பேக்கப் எடுப்பதும் சரிபார்ப்பதும்: புதிதாக வருபவருக்கு" என்று தலைப்பு. உள்ளே ஒவ்வொரு படிக்கும் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் திரையின் படம், எந்தப் பட்டனை அழுத்த வேண்டுமோ அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பதினோரு வருடம் ஒரு கிளினிக்கில் நோயாளிகளின் கோப்புகளைக் கட்டி மேய்த்தவள் நான். இப்படி ஒழுங்காக எழுதப்பட்ட ஒன்றைப் பார்த்ததே இல்லை. எழுதியவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அது பன்னிரண்டு நாள் நீடித்தது.

கடை சின்னது. ஒரு பக்கம் மருந்துக் கடை, இன்னொரு பக்கம் ஃபோட்டோ ஸ்டுடியோ, நடுவில் அகலத்தை விட நீளம் அதிகமாக நாங்கள். சாதாரணச் செருப்பும் ஷூவும் சேராத கால்களுக்கு அளவெடுத்துச் செய்து தரும் இடம். ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் தட்டையானவர்கள், சர்க்கரைப் புண் வந்து ஆறியவர்கள் எல்லாம் வருவார்கள். முன்னால் கவுண்டர், ஒரு கம்ப்யூட்டர், அளவெடுக்க ஒரு முக்காலி. பின்னால் பட்டறை. அங்கே பசை வாசனை, தேய்க்கும் மெஷின், சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகத் தொங்கும் மரக்கட்டைகள். ஒவ்வொரு வாடிக்கையாளரின் பாதம் மாதிரியே செதுக்கிய அச்சுக்கட்டை அது. அந்தக் கட்டையைச் சுற்றித்தான் ஷூவைத் தைப்பார்கள். பட்டறை மூலையிலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. மேலே ஒரு துணியும், துணியின் மேல் தோல் தூசியும் இருக்கும்.

பட்டறைக்கு மாஸ்டர். கடைக்கு மாஸ்டரின் மனைவி, எங்களுக்கு மேடம். கம்ப்யூட்டருக்கு மேடத்தின் தம்பி. ஆக மொத்தம் குடும்பமே கடை, கடையே குடும்பம். அந்தத் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததால் அந்த நாற்காலி காலியானது. மேடத்துக்கு என் நாத்தனாரைத் தெரியும். நாத்தனார் சிபாரிசு செய்தாள். சும்மா செய்யவில்லை, எனக்கு ஃபோன் போட்டு, "ஒரு மாசம் பாப்பாங்களாம் அண்ணி, தாங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

முப்பது நாள் பார்ப்பார்கள், பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். இதுதான் பேச்சு. நாற்பத்தெட்டு வயதில் ஆறு இடத்தில் "சொல்லி அனுப்புறோம்" என்று கேட்டுவிட்டு வந்தவளுக்கு, அந்த முப்பது நாளைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

தம்பி பத்து வேலை நாள் கூடவே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். பொறுமைசாலி. வாடிக்கையாளர் வந்தால் எப்படிப் பதிவது, ஆர்டர் எண் எப்படி விழும் என்பதையெல்லாம் இரண்டு தடவை காட்டினார். பேக்கப் எடுப்பதையும் காட்டினார். சாயங்காலம் கடை சாத்தும் முன் புரோகிராமில் இருக்கும் பேக்கப் பட்டனைத்தான் அழுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைலை இழுத்து வேறு இடத்தில் போட்டால் அது பேக்கப் ஆகாது, பாதி எழுதிய கடிதத்தைக் கவரில் போடுகிற கதைதான். முடிந்ததும் வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் கடைசி ஆர்டர் எண்ணையும் ஒரு சீட்டில் குறிக்க வேண்டும். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் உண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறி மாறி. ஒன்று கடையில் இருக்கும்போது மற்றது மேடத்தின் கைப்பையில் வீட்டுக்குப் போய்விடும். கடை எரிந்தாலும் தகவல் பிழைக்கும். அவ்வளவும் நேர்த்தி.

"சரிபாக்குறத எப்பக் காட்டுவீங்க?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லீங்க, ஏழாவது படிலேர்ந்து படிங்க. எல்லாம் இருக்கு" என்றார் இரண்டு தடவையும்.

பதினோராம் நாள் சாயங்காலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். மாஸ்டர் பட்டறையிலிருந்து வெளியே வந்து, மைத்துனரின் தோளைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே போனார். மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். பேசினால் முன்பக்கத்தைப் பற்றிக் குறைதான். "முன்னாடி ஒருத்தர் பேரும் ஏத்துறதில்ல, எல்லாம் நானே அடிச்சு அழணும்" என்று நான் வந்த நாளிலிருந்து நாலைந்து தடவை கேட்டுவிட்டேன். மேடம் அதற்குக் கண்ணைச் சுழற்றுவார். அவர் குணம் அப்படி என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். நானும் விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, கடை திறக்க அரை மணி இருக்கும்போது, கையேட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஏன் காலையில் என்பதையும் எழுதியிருந்தார்: சரிபார்க்கும்போது பட்டறைக் கம்ப்யூட்டரை வேறு யாரும் தொடக் கூடாது, மாஸ்டர் பத்தரைக்குத்தான் வருவார். பட்டறைக் கம்ப்யூட்டரில் புரோகிராமைத் திறந்தால் இரண்டு வரி வரும். ஒன்று 'கடை'. முன்பக்கம் வேலை செய்யும் அசல் டேட்டாபேஸ் அது. இன்னொன்று 'ஒத்திகை'. பேக்கப் ஃபைல் நிஜமாகவே திரும்பி வருமா என்று போட்டுப் பார்ப்பதற்கான பிரதி. ஃபைல் இருக்கிறது, பெரிதாக இருக்கிறது என்பதால் மட்டும் அது பேக்கப் ஆகிவிடாது, திரும்பக் கொண்டுவர முடிந்தால்தான் அது பேக்கப் என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தார். படித்துவிட்டு நான் தலையாட்டினேன், யாரும் பார்க்காத பட்டறையில்.

ஏழாம் படி: நேற்றைய பேக்கப்பை 'ஒத்திகை'யில் ரீஸ்டோர் செய்யவும். ஏற்கெனவே உள்ளதன் மேல் எழுதவா என்று கேட்கும். 'ஆம்' கொடுக்கவும்.

கேட்டது. மஞ்சள் முக்கோணத்தோடு கேட்டது. ஏற்கெனவே உள்ள தகவல் அனைத்தும் அழியும், தொடரவா?

கையேட்டில் 'ஆம்' என்று இருந்தாலும் 'அனைத்தும் அழியும்' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குக் கை வராது. கிளினிக்கில் வந்த பழக்கம். தம்பிக்கு ஃபோன் செய்தேன். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்தார்.

"அழியும்னு கேக்குது தம்பி. குடுக்கலாமா?"

"குடுங்க குடுங்க. அது வெறும் ஒத்திகைதான, அதுல என்ன இருக்கப் போகுது? தெனமும் கேக்கும், பயப்படாதீங்க."

கொடுத்தேன். நான்கு நிமிடம் ஓடியது. முடிந்ததும் எட்டாம் படியில் சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். வாடிக்கையாளர் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. கடைசி ஆர்டர் ஐயாயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலு. சீட்டில் இருந்ததும் அதுவே. நேற்று பதிந்த மூன்று பேரைத் திறந்தேன், மூன்று பேரும் இருந்தார்கள். நோட்டில் தேதிக்கு நேராக டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன். அதற்கு மேலே தம்பியின் டிக்குகள், ஒரு நாள் தவறாமல், பக்கம் பக்கமாக. நல்ல வரிசையில் போய் நிற்பது போலப் பெருமையாக இருந்தது.

மாஸ்டர் பத்தரைக்கு வந்தார். துணியை எடுத்தார், கம்ப்யூட்டரைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் பட்டறையிலிருந்து அபூர்வமாக ஒரு சந்தோஷக் குரல்.

"பரவால்லயே! எல்லார் பேரும் ஏத்திட்டீங்களே!"

எனக்குப் புரியவில்லை. நான் ஒருவர் பெயரும் ஏற்றவில்லை. எல்லாரும் முன்பே இருந்தார்கள். எழுந்து உள்ளே போனேன். அவர் ஒரு பெயரைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். பிறகு மிக மெதுவாக, ஏதோ தப்பான வீட்டுக்குள் வந்துவிட்டவர் போல, "நான் எழுதினதெல்லாம் எங்க?" என்றார்.

எத்தனை கேள்வி கேட்டு எப்படிப் புரிந்தது என்று எழுதினால் நீளும். சுருக்கமாகச் சொல்கிறேன். பதினைந்து மாதம் முன்பு மாஸ்டருக்கு ஒரு விஷக் காய்ச்சல் வந்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்த பிறகு அவருக்கு எண்கள் மனதில் நிற்கவில்லை. எந்த வாடிக்கையாளருக்கு இடது குதிகாலில் எத்தனை மில்லிமீட்டர் ஏற்றினோம், எங்கே இழைத்துவிட்டோம் என்பதெல்லாம் அதுவரை அவர் தலைக்குள் இருந்தது. அது போய்விட்டது. மேடத்தைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மைத்துனரிடம், "எனக்கும் இந்த கம்ப்யூட்டர்ல எழுதச் சொல்லிக் குடு" என்று மட்டும் கேட்டிருக்கிறார். மைத்துனர் உட்காரவைத்து, 'ஒத்திகை'யைத் திறந்துவிட்டு, "மாமா, இதுல அடிச்சுப் பழகுங்க, தப்பாப் போனாலும் பரவால்ல" என்று சொல்லியிருக்கிறார்.

மாஸ்டர் பழகினார். பதினான்கு மாதம் பழகினார். நூற்றுத் தொண்ணூறு பேரின் திருத்தங்களை இரண்டு விரலால் தட்டித் தட்டி அதில்தான் எழுதியிருக்கிறார். புது வாடிக்கையாளர்கள் 'கடை'யில்தானே பதிவாவார்கள்? அவருடைய பிரதியில் வரமாட்டார்கள். அதனால்தான் முன்பக்கம் ஒருவர் பெயரும் ஏற்றுவதில்லை என்று அவ்வளவு நாளும் திட்டிக்கொண்டு, ஒவ்வொருவரையும் தானே புதிதாகப் பதிந்திருக்கிறார்.

"மாஸ்டர், அது ஒத்திகைன்னு எழுதியிருக்கே" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அவன் பழகுங்கன்னான். பழகினது போதும்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லலையே" என்றார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வெட்டியவள் நான். வேலை போகும் என்ற பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. அந்த மனுஷர் திரையைப் பார்த்த விதத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, தேய்க்கும் மெஷினின் தூசி மேல் பழியைப் போட முடிந்தது.

மேடம் பதினோரு மணிக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டார். முதலில் கணவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"நாலு வருஷமா என் தம்பி தெனமும் இதச் செஞ்சான். ஒரு நாள் ஒண்ணும் ஆகல. நீங்க ஒரே ஒரு நாள் செஞ்சீங்க, எல்லாம் போச்சு. இதுக்கு நான் என்ன சொல்லணும்?"

அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. மிகச் சின்னக் கணக்கு. ஏழாம் படியை ஒரு தடவை செய்தாலே 'ஒத்திகை'யில் இருப்பது அனைத்தும் போய்விடும். மாஸ்டர் எழுதியது பதினான்கு மாதம் போகாமல் இருந்தது. அப்படியென்றால் அந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட யாரும் ஏழாம் படியைச் செய்யவில்லை. நோட்டில் முந்நூற்றைம்பதுக்கு மேல் டிக். ஒவ்வொன்றும் பொய்.

நான் பெரிய கோபக்காரி இல்லை. பேருந்தில் காலை மிதித்தால் பேசாமல் இருப்பேன். ஆனால் செய்யாத வேலைக்குப் போட்ட டிக்கைப் பார்த்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிளினிக்கில் அப்படியொரு டிக்கால் ஒருவருக்குத் தப்பான மருந்து போன கதை எனக்குத் தெரியும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதில் பழி நிற்கும் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் சொன்னால் என்ன ஆகும்? முதலாளியின் கூடப்பிறந்தவரைப் பொய்யர் என்று பன்னிரண்டாம் நாள் ஆள் சொல்கிறாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் அதுதான். பதின்மூன்றாம் நாளை நான் வீட்டில் இருந்து நாத்தனாரோடு கொண்டாடலாம். வாயை மூடிக்கொண்டேன். இதை வீரக் கதையாக எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

மேடம் தம்பிக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விமானம் ஏற இன்னும் நேரம் இருந்தது. அவர் உடனே வேலையில் இறங்கினார். அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் எதையும் தொடாதீர்கள் என்றார். எங்கிருந்தோ ஒரு நண்பரைப் பிடித்தார். அந்த நண்பர் தூரத்திலிருந்தே உள்ளே நுழைந்து ஒரு மணி நேரம் தேடினார். அதே ஃபைலின் மேல் புதுத் தகவல் எழுதப்பட்டுவிட்டது, பழையது தேறாது என்றார். அந்தப் பிரதியை யாரும் பேக்கப் எடுத்ததும் இல்லை. பேக்கப்பைச் சோதிக்கும் பிரதிக்கு யார் பேக்கப் எடுப்பார்கள்?

"சாரி மாமா" என்றார் தம்பி. "நீங்க அதுலயே எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாது."

இவ்வளவு நேரமும் மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து, கையில் ஒரு அச்சுக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தலையைத் தூக்கினார்.

"ஏம்ப்பா, இந்தம்மா காலைல செஞ்சத நீ தெனமும் செய்வியா?"

"ஆமா மாமா. நோட்டுல இருக்கே."

"செஞ்சா நான் எழுதினது போயிடும்."

"ஆமா..."

"அப்ப போன வருஷமே போயிருக்கணுமே. நான் எழுதின மறுநாளே."

ஃபோனில் விமான நிலைய அறிவிப்பு ஒன்று முழுதாக ஓடி முடிந்தது. மேடம் நோட்டைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். அவர் முகத்தில் கணக்கு மெதுவாக ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

"ரொம்ப நாளா செய்யல மாமா" என்றார் தம்பி. குரல் இறங்கிவிட்டது. "பேக்கப் எடுப்பேன். ஃபைல் சைஸ் பாப்பேன், டிக் போட்டுடுவேன். ஆரம்பத்துல ரெண்டு மாசம் செஞ்சேன், எல்லாம் சரியா வந்துச்சு, அப்புறம் விட்டுட்டேன். இவங்களுக்கு எழுதிக் குடுக்கும்போது, எப்படிச் செய்யணுமோ அப்படி எழுதினேன். அக்கா, அவங்க மேல தப்பில்ல. எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டாங்க. நான்தான் குடுக்கச் சொன்னேன்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். சொல்லப்போனால் என் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது. கேட்டவுடன் ஒப்புக்கொண்டாரே. ஃபோனை வைத்திருக்கலாம், சிக்னல் இல்லை என்றிருக்கலாம், விமானம் கிளம்புகிறது என்றிருக்கலாம்.

நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். மேடத்தை எனக்கு அப்போது முழுதாகத் தெரியாது. அவர் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்:

"அப்ப அவன் செய்யாததாலதான் இவர் எழுதினது இத்தன நாள் இருந்துருக்கு. செஞ்சதாலதான் போச்சு. இன்னிக்குப் போட்டுப் பாத்ததுல பேக்கப்ல ஏதாவது குறை இருந்துச்சா?"

"இல்ல மேடம். எல்லாம் சரியா இருந்துச்சு."

"பாத்தீங்களா! நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்குறதத் தெனம் நோண்டிப் பாப்பானேன்? இனிமே அந்த ஏழாவது படியெல்லாம் வேணாம். அவன் மாதிரியே சைஸப் பாத்துட்டு டிக் போடுங்க."

நேற்று பேக்கப் சரியாக இருந்ததால் நாளையும் சரியாக இருக்கும் என்று இல்லை, டிஸ்க் ஒரு நாள் கெட்டுப்போகும், அன்று யாருக்கும் தெரியாது என்றெல்லாம் சொன்னேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார். அந்தக் கையேட்டை நம்பி நாசமானது போதும் என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவர் கணவரின் ஞாபகம் அன்றைக்கு இரண்டாவது தடவை போயிருந்தது.

"பாக்காம இருக்கேன் மேடம். ஆனா டிக் போட மாட்டேன்."

"வேற என்ன போடுவீங்க?"

"பார்க்கவில்லைன்னு எழுதுவேன்."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதுங்க. முப்பது நாள் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

அந்த 'அப்புறம்' என்ற சொல்லில் என் வேலை இல்லை என்பது எனக்கு நன்றாகக் கேட்டது. வீட்டில் கணவரிடம் சொன்னேன். "டிக்தானே, போட்டுத் தொலையேன்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனாலும் மறுநாள் நோட்டில் 'பார்க்கவில்லை' என்றே எழுதினேன். அதற்கு மறுநாளும். மேடம் தினமும் டிஸ்கைக் கைப்பையில் போடும்போது அந்த வரியைப் படிப்பார், உதட்டைச் சுழிப்பார், போய்விடுவார்.

போனதை மீட்கும் வேலை ஒரு பக்கம் நடந்தது. கட்டையின் மேல் ஒட்டிய தக்கையிலும் தோல் துண்டிலும் பாதித் திருத்தங்கள் இருந்தன. மாஸ்டர் ஒவ்வொரு கட்டையாக இறக்கி அளப்பார், நான் எழுதிக்கொள்வேன். குதிக்கு அடியில் வைத்த உயரம் கட்டையில் தெரியாது. அதற்குப் பழைய ஷூ வேண்டும். மேடம் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டு, ஷூவை ஒரு தடவை இலவசமாகச் சரிபார்த்துத் தருகிறோம், கொண்டு வாருங்கள் என்று கூப்பிட்டார். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வந்தவர்கள் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்க, மாஸ்டர் ஷூவின் உள்ளே விரலை விட்டுப் பார்ப்பார். சிலருக்கு எண் உடனே வந்துவிடும். சிலருக்கு ஷூவைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்டு. ஒரு ஆசிரியை, வலது கால் குட்டையானவர், எட்டு மில்லிமீட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு உயர்த்திக்கொண்டே வந்திருந்தார்கள். எதுவரை வந்தோம் என்பது மாஸ்டருக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள், "போன தடவ நீங்களே சொன்னீங்களே, இன்னும் ரெண்டு ஏத்தினா போதும்னு" என்றார். மாஸ்டர் சிரித்துச் சமாளித்தார். அவர் உள்ளே போனபின் அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று நான் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

இதையெல்லாம் அவர் எதில் எழுதினார்? நீள நோட்டில், பென்சிலில். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. நூற்றுப் பதினேழு பேர் ஆனதும், முப்பதாவது நாளுக்கு முந்தின நாள், நான் கேட்டுவிட்டேன்.

"மாஸ்டர், 'கடை'லயே ஏத்திடலாம். அசல்ல. நானும் கூட உக்காந்து அடிக்கிறேன். நோட்டுல தண்ணி கொட்டினா மறுபடியும் மொதல்லேர்ந்துதான்."

"அதுல ஏத்தினா திரும்பி வரும்னு யாரு கண்டா?"

"போட்டுப் பாத்தாத் தெரியும்."

"பாருங்களேன்."

"பாக்கக் கூடாதுன்னு உத்தரவு."

மாஸ்டர் நீள நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "பத்து பேர ஏத்துவோம்" என்றார்.

அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பத்துப் பேரை ஏற்றினோம். அவரே சொல்லச் சொல்ல, அவரே தட்டினார், இரண்டு விரலால். பத்தாவது, அந்த ஆசிரியை. அவர் ஷூவைப் பிரித்து அளந்து மாஸ்டர் கண்டுபிடித்திருந்தார்: வலது குதி, பன்னிரண்டு. சாயங்காலம் பேக்கப் எடுத்தேன், சீட்டில் எண்களைக் குறித்தேன்.

மறுநாள் காலை நான் கதவைத் திறக்கும்போதே மாஸ்டர் வாசலில் நின்றார். அவரை அந்த நேரத்தில் கடையில் யாரும் பார்த்ததில்லை. பின்னாலேயே மேடமும் வந்தார், முகம் சரியில்லை. வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

"இவர் பிடிவாதம். செஞ்சு காட்டுங்க" என்றார் மேடம். "அப்புறம் நாம பேசணும். இன்னிக்கோட முப்பது நாள் ஆகுது, ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

பட்டறைக்குப் போனோம். டிஸ்கைச் சொருகினேன். அழுத்துவதற்கு முன் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்து, "ஒத்திகைல யாராவது எதாவது எழுதியிருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றேன். கையேட்டில் ஆறாம் படிக்கும் ஏழாம் படிக்கும் நடுவில் இந்த வரியைப் பேனாவால் எழுதியிருந்தேன். இல்லை என்றார்கள். மஞ்சள் முக்கோணம் வந்தது. அனைத்தும் அழியும், தொடரவா? மேடம் என் தோளுக்குப் பின்னால் குனிந்து அதை வாசித்தார். கொடுத்தேன்.

நான்கு நிமிடம். யாரும் உட்காரவில்லை. நேற்றைய பேக்கப் நன்றாகத்தான் எடுத்திருந்தேன். ஆனால் இன்றைக்குப் பார்த்து டிஸ்க் காலை வாரினால் என் கதை அத்தோடு முடிந்தது, இவர் இனி எந்தக் கம்ப்யூட்டரையும் தொடமாட்டார்.

முடிந்தது என்றது. எண்ணிக்கை சீட்டோடு ஒத்துப்போனது. நான் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "நீங்களே பாருங்க மாஸ்டர். நேத்து நாம எழுதினது 'கடை'ல. இது பேக்கப்லேர்ந்து வந்தது."

அவர் உட்கார்ந்தார். ஆசிரியையின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பக்கம் திறந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சின்னப் பிள்ளை வாசிப்பது போல் சத்தமாக வாசித்தார்.

"வலது குதி. பன்னெண்டு."

அடுத்த பெயர். அதற்கடுத்த பெயர். பத்துப் பேரையும் வாசித்தார். ஒன்றும் குறையவில்லை. மேடம் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கணவரின் தோளில் இருந்த தோல் தூசியைத் துடைத்துக்கொண்டே நின்றார், துடைக்க அங்கே அவ்வளவு தூசி இல்லை.

மாஸ்டர் நோட்டை இழுத்து, அன்றைய தேதிக்கு நேராக டிக் போடாமல், 'பன்னெண்டு இருக்கு' என்று பென்சிலால் எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் கேட்டார்:

"மிச்சத்த இன்னிக்கு ஏத்துவோம். நாளைக்குக் காலைலயும் காட்டுவீங்கல்ல?"

நான் மேடத்தைப் பார்த்தேன். நாளை முப்பத்தொன்றாம் நாள். அதற்கு நான் பதில் சொல்ல முடியாது.

"காட்டுவாங்க, காட்டுவாங்க" என்றார் மேடம். "ஒம்பது மணிக்கு வந்துடுங்க, நானும் வரேன்."